இரண்டு கோயில், ஒரு கட்டுரை: ஒப்பீட்டுக்கு மார்க் போடுவது எப்படி?

'தஞ்சைப் பெரிய கோயிலையும் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரைக' என்று ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான தாள்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரும். முதலில் முன்னுரை. பிறகு 'தஞ்சைப் பெரிய கோயில்' என்று ஓர் உட்தலைப்பு, அதன்கீழ் ஒன்றரைப் பக்கம். அடுத்து 'கங்கைகொண்ட சோழபுரம்', முக்கால் பக்கம். கடைசியில் முடிவுரை: இவ்வாறு இரு கோயில்களின் சிறப்புகளையும் கண்டோம், இவற்றைப் பாதுகாப்பது நம் கடமை. தகவல்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும். கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கலாம். கேட்ட ஒன்று மட்டும் தாளில் இருக்காது. அது ஒப்பீடு.

இந்தத் தாளுக்கு 25க்கு எத்தனை போடுவது? ஓர் ஆசிரியர் 20 போடுவார். பையன் இவ்வளவு படித்திருக்கிறானே என்பது அவருடைய நியாயம். இன்னொருவர் 11 போடுவார். கேட்டதைச் செய்யவில்லையே என்பது அவருடைய நியாயம். இருவரும் முழுத் தாளையும் பார்த்து மொத்தமாக ஓர் எண்ணைப் போடுவதால்தான் இந்த இடைவெளி வருகிறது. எதற்கு எவ்வளவு என்று முதலிலேயே பிரித்து வைத்துக்கொண்டால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

வெளிநாட்டுத் தேர்வு அமைப்புகள் இதை எப்போதோ செய்துவிட்டன. ஐ.பி. டிப்ளமா படிக்கும் மாணவர்கள் இலக்கியப் பாடத்தின் இரண்டாம் தாளில், படித்த இரண்டு நூல்களை ஒப்பிட்டு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். மொத்தம் 30 மதிப்பெண். அதில் 5 மதிப்பெண், கருத்துகள் எவ்வளவு ஒழுங்காகவும் சமநிலையோடும் கேள்வியை விட்டு விலகாமலும் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு மட்டுமே. அமெரிக்கப் பள்ளிகளின் ஏ.பி. உலக வரலாறு தேர்வில் 2016 வரை ஒப்பீட்டுக் கட்டுரைக்கென்றே தனியாக ஒரு வினா இருந்தது. இரண்டு சமூகங்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிட்ட வாக்கியம் இருந்தால் ஒரு மதிப்பெண், அந்த ஒற்றுமைக்கோ வேற்றுமைக்கோ காரணம் சொன்னால் இன்னொரு மதிப்பெண் என்று அதன் மதிப்பீட்டு விதி இரண்டையும் பிரித்தே வைத்திருந்தது. இரண்டு நாடுகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு ஒருமுறைகூட அவற்றை ஒரே வாக்கியத்தில் சந்திக்க வைக்காத மாணவருக்கு அந்த இரண்டுமே கிடைக்காது.

நம் கோயில் கட்டுரைக்கும் அப்படி ஒரு பிரிவு வைத்துக்கொள்ளலாம். தகவலுக்கு 10, சமநிலைக்கு 5, வரிசைமுறைக்கு 5, முடிவுரைக்கு 5. இந்தப் பங்கீட்டைத் தேவைக்கேற்ப மாற்றலாம். ஆனால் தகவலைத் தனியாகப் பிரித்து வைப்பதில் ஒரு முக்கியமான பயன் உண்டு. 'பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது' என்று ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது ஊரெல்லாம் சொல்லும் கதை. நிழல் நன்றாகவே விழும். அந்தத் தவறுக்குத் தகவல் பகுதியில் குறைக்கலாம். ஆனால் அதே பத்தியில் இரண்டு விமானங்களையும் அவள் சரியாகக் கோத்து எழுதியிருந்தால் வரிசைமுறைக்கான மார்க்கில் கை வைக்கக் கூடாது. ஒரு பிழைக்கு இரண்டு தண்டனை கொடுப்பதுதான் கட்டுரை திருத்துவதில் மிகச் சாதாரணமாக நடக்கும் அநியாயம். அதற்கு நேர்மாறான அநியாயமும் உண்டு. தகவல் குவிந்து கிடப்பதைப் பார்த்து அமைப்புக்கும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடுவது.

இனி தாளுக்கு வருவோம். முதல் வாசிப்பில் சிவப்பு மை வேண்டாம், பென்சில் போதும். தஞ்சையைப் பற்றிய வரிகளுக்கு எதிரே ஓரத்தில் 'த', கங்கைகொண்ட சோழபுரத்துக்கு 'க', இரண்டும் சேர்ந்து வரும் வரிகளுக்கு 'தக' என்று குறித்துக்கொண்டே போகலாம். ஐந்து நிமிடத்தில் கட்டுரையின் எலும்புக்கூடு ஓரத்தில் தெரிந்துவிடும். மேலே சொன்ன தாளில் முதலில் 'த' வரிசையாக இறங்கும், பிறகு 'க' வரிசையாக இறங்கும். 'தக' என்பது முன்னுரையிலும் முடிவுரையிலும் தவிர எங்கும் இருக்காது.

அடுத்து ஒரு வெற்றுத்தாளில் இரண்டு நெடுவரிசை போட்டு, மாணவர் எடுத்துக்கொண்ட கருத்துகளை இடப்பக்கம் எழுத வேண்டும். நம் மாதிரித் தாளில் ஐந்து கருத்துகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: கட்டிய காலமும் நோக்கமும், விமானம், சிற்பம், கல்வெட்டு, பிற்காலத்தில் கோயிலுக்கு நேர்ந்தது. காலம் இரண்டுக்கும் உண்டு: ராஜராஜன் தஞ்சையில் 1010இல் முடித்தான், மகன் ராஜேந்திரன் கங்கை வெற்றிக்குப் பின் எழுப்பிய புதிய தலைநகரில் தன் கோயிலைக் கட்டினான். விமானமும் இரண்டுக்கும் உண்டு. சிற்பத்துக்கு வரும்போது சோழபுரத்தின் சண்டேச அனுக்கிரக மூர்த்தியைப் பற்றி நான்கு வரி இருக்கிறது. தஞ்சையின் கட்டம் காலி. மேல்தளத்தில் செதுக்கிய 81 நடனக் கரணங்கள் பையனுக்கு நினைவுக்கு வரவில்லை. கல்வெட்டில் தஞ்சைக்கு ஒரு முழுப் பத்தி. சோழபுரத்தின் கட்டம் காலி. ஐந்தில் இரண்டு வரிசை நொண்டுகிறது. சமநிலைக்கு 5க்கு 2 என்று போடும்போது இந்தக் காலிக் கட்டங்களைக் காட்டிவிடலாம். மாணவரோ பெற்றோரோ கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

பலர் சமநிலையை வரி எண்ணிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதற்கு 30 வரி, இதற்கு 30 வரி என்றால் சரி. 38க்கு 22 என்றால் தவறு. இது அளவுகோலே இல்லை. கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சையில் ராஜராஜன் கொடுத்த கொடைகளைக் கோயில் சுவரே பட்டியலிடுகிறது: பொன், விளக்கு, கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்கள், பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் குடியிருந்த வீடுகளின் வரிசை. கங்கைகொண்ட சோழபுரத்திலோ கட்டியவனுடைய காலத்திலேயே பொறித்த அப்படி ஒரு பெரும் பதிவு கிடையாது. அங்கே நமக்குக் கிடைக்கும் முக்கியமான கல்வெட்டுகள் அவனுக்குப் பின் வந்த வீரராஜேந்திரன் போன்றோர் காலத்தவை. இந்த நிலையில் ஒரு மாணவி தஞ்சைக் கல்வெட்டுக்கு ஏழு வரி எழுதிவிட்டு, 'சோழபுரத்தில் இதற்கு இணையான பதிவு இல்லை. அதனால் அங்கே யார் வேலை செய்தார்கள், எந்த ஊர் நெல் அனுப்பியது என்று நம்மால் இவ்வளவு விவரமாகச் சொல்ல முடியாது' என்று இரண்டு வரி எழுதினால் அந்தப் பத்தி சமநிலை உடையதுதான். இல்லை என்பதையும் அவள் ஒரு தகவலாக எடுத்து எதிரே வைத்திருக்கிறாள். அவளுடைய கட்டம் காலியாக இல்லை.

இதைவிட நுட்பமான குறை ஒன்று உண்டு. கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்கும். ஆனால் அளக்கும் கோல் மாறிக்கொண்டே போகும். தஞ்சை விமானத்தைப் பற்றி எழுதும்போது உயரம், அடுக்குகளின் எண்ணிக்கை. சோழபுரம் விமானத்தைப் பற்றி எழுதும்போது நளினம், அழகு. ஒன்றை முழக்கயிற்றாலும் மற்றதைக் கண்ணாலும் அளந்தால் அது ஒப்பீடு ஆகாது. தஞ்சை ஏறத்தாழ 200 அடி என்றால் சோழபுரம் சுமார் 180 அடி என்று சொல்ல வேண்டும். தஞ்சையின் விமானம் நேர்க்கோட்டில் இறுக்கமாக மேலே ஏறுகிறது என்றால், சோழபுரத்தின் விமானம் உள்வாங்கி வளைந்து ஏறுகிறது என்று சொல்ல வேண்டும். உயரத்துக்கு உயரம், வடிவத்துக்கு வடிவம். இந்தக் குறையை ஓரக்குறிப்பும் கட்டமும் காட்டாது. பத்தியை நின்று படிக்கும் கண்ணுக்குத்தான் அகப்படும்.

வரிசைமுறைக்கு வருவோம். ஒப்பீட்டை எழுத இரண்டு வழி. ஒரு பொருளை முழுக்கச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவது ஒன்று. ஒவ்வொரு கருத்தாக எடுத்து அதன்கீழ் இரண்டையும் வைப்பது மற்றது. நம் பள்ளிகளில் உட்தலைப்பு போட்டு எழுதும் பழக்கம் ஊறிப்போனது. அந்த உட்தலைப்பு கோயிலின் பெயராக இருந்துவிட்டால் மாணவர் தன்னையறியாமலே முதல் வழிக்குப் போய்விடுகிறார். 'விமானம்', 'கல்வெட்டு', 'பிற்கால வரலாறு' என்று உட்தலைப்பைக் கருத்தின் பெயரில் வைத்தாலே கட்டுரையின் போக்கு மாறிவிடும். உட்தலைப்பை மாற்றுவதற்குக் கூடுதல் படிப்பு எதுவும் தேவையில்லை என்பதால், இதை வகுப்பில் ஒரே பாடவேளையில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஆனாலும் கருத்தடிப்படையில் உட்தலைப்பு இருக்கிறது என்பதற்காக 5க்கு 5 போட்டுவிட முடியாது. உள்ளே இப்படி இருக்கலாம்: 'தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 13 அடுக்குகள் கொண்டது. இது மிக உயரமானது. ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்தின் விமானம் 9 அடுக்குகள் கொண்டது. இதுவும் மிக அழகானது.' இரண்டும் ஒரே பத்தியில் இருக்கின்றன, நடுவில் 'ஆனால்' கூட இருக்கிறது. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி, பத்தியின் முதல் பாதியைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாம் பாதியைப் படிப்பது. எந்தக் குறையும் இல்லாமல் அது தனியாக நின்றால் இரண்டு பாதியும் ஒன்றையொன்று தொடவில்லை என்று பொருள். இதற்குப் பதிலாக, 'தஞ்சையின் விமானம் அடுக்கடுக்காக நேரே உயர்ந்து தன் உயரத்தாலேயே பார்ப்பவரை நிறுத்துகிறது. அடுக்குகள் குறைந்த சோழபுரம் விமானமோ வளைந்து ஒடுங்குவதால், பார்வை உச்சியை விட்டு உடலின் வளைவில் தங்குகிறது' என்று எழுதியவரின் இரண்டாம் பாதியை மறைத்துப் பாருங்கள். முதல் பாதி எதற்காகச் சொல்லப்பட்டது என்றே தெரியாது. அதற்குத்தான் மார்க்.

கருத்துகள் அடுக்கப்பட்ட வரிசையையும் பார்க்க வேண்டும். ஐந்து கருத்துகளையும் எப்படி மாற்றிப் போட்டாலும் கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது என்றால் அது பட்டியல். நல்ல கட்டுரையில் கடைசிக் கருத்து முடிவுரைக்கு வாசல் திறக்கும். இந்தத் தலைப்பில் அந்த இடம் 'பிற்கால வரலாறு' என்பதற்கு உரியது. ஏன் என்று முடிவுரையில் தெரியும். அதே சமயம், ஒவ்வொரு பத்தியிலும் முதலில் தஞ்சை, பிறகு சோழபுரம் என்று ராணுவ அணிவகுப்புபோல் வர வேண்டும் என்று வற்புறுத்தும் ஆசிரியர்களோடு உடன்பட முடியவில்லை. சிற்பம் பற்றிய பத்தியில் சோழபுரத்தை முன்னே வைத்தால் கருத்து கூர்மையாகும் என்றால் வைக்கட்டுமே. ஒரு பக்கத்துக்குள் முடியும் சிறு விடையில் கோயில் கோயிலாக எழுதுவதும் குற்றமில்லை. இரண்டாம் பகுதி முதல் பகுதியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் போதும்.

திருத்துபவர்கள் மிகவும் தடுமாறும் இடம் முடிவுரை. கடைசிப் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, அதைப் பார்க்கும்போது கண் ஏற்கெனவே மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும். மூன்று முடிவுரைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

முதல் முடிவுரை: 'இவ்வாறு இரு கோயில்களும் சோழர்களின் பெருமையைப் பறைசாற்றுகின்றன. தஞ்சைக் கோயில் உயரத்தில் சிறந்தது. சோழபுரம் கோயில் அழகில் சிறந்தது. இரண்டையும் பாதுகாப்பது தமிழர் ஒவ்வொருவரின் கடமை.' பிழை எதுவும் இல்லை. கட்டுரையை எழுதத் தொடங்கும் முன்பே இதை எழுதி வைத்திருக்கலாம் என்பதுதான் இதன் குறை. நடுவில் இருக்கும் மூன்று பக்கங்களைக் கிழித்துப் போட்டாலும் இந்த முடிவுரைக்கு எந்தச் சேதமும் இல்லை. 5க்கு 1 அல்லது 2.

இரண்டாவது: 'ராஜேந்திரன் நினைத்திருந்தால் இன்னும் உயரமாகக் கட்டியிருக்கலாம். தந்தை மீது வைத்த மரியாதையால்தான் தன் விமானத்தைத் தாழ்வாகக் கட்டினான். இரண்டு கோயில்களுக்கும் நடுவே இருப்பது தந்தை-மகன் பாசம்.' படித்தவுடன் மனம் இளகும். பல ஆசிரியர்கள் இதற்கு நான்கு போடுவார்கள், ஏனென்றால் இதில் புதிதாக ஒன்று இருக்கிறது. ஆனால் இந்தப் புதியது எங்கிருந்து வந்தது? கட்டுரையின் உடலில் இதற்கு ஒரு சான்றும் வைக்கப்படவில்லை. அப்படி ராஜேந்திரனே சொன்னதாக எந்தக் கல்வெட்டையும் மாணவரால் காட்ட முடியாது. சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லிச் சொல்லி நிலைத்த ஊகம் இது. இதே உயர வேறுபாட்டை வேறு விதமாகவும் விளக்க முடியும்: உயரம் முன்பே சாதிக்கப்பட்டுவிட்டதால் அடுத்த தலைமுறைச் சிற்பிகள் வடிவத்தில் கவனம் வைத்திருக்கலாம். மாணவர் இதை ஒரு சாத்தியமாகச் சொல்லி மற்ற சாத்தியத்தையும் பக்கத்தில் வைத்திருந்தால் மதிப்பெண் கூடும். தீர்ப்பாகச் சொன்னதால் 2 போதும். முடிவுரையில் புதுப் பார்வை வேண்டும் என்றால், புதுச் செய்தியை இறக்குமதி செய்ய வேண்டும் என்று பொருள் இல்லை. அந்தப் பார்வை உடலில் உள்ள சான்றுகளிலிருந்தே முளைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது: 'ஒரே குடும்பம், அடுத்தடுத்த தலைமுறை, ஒரே கட்டடக் கலை. கட்டி முடித்தபோது இரண்டுக்கும் இருந்த வேறுபாட்டைவிட அதன்பின் வந்த வேறுபாடே பெரியது. தஞ்சையில் சோழருக்குப் பின் நாயக்கர்களும் மராத்தியர்களும் ஆண்டார்கள். அவர்கள் கோயிலில் புதிய சன்னதி கட்டினார்கள், தங்கள் வரலாற்றையும் அதன் சுவரில் பொறித்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசு போனதும் ஊரும் சுருங்கியது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோயிலின் மதில் கற்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. இன்று நாம் தஞ்சையைப் பெரியது என்று சொல்லும்போது கட்டியவனின் திறமையை மட்டும் அளக்கவில்லை. சுற்றி ஓர் ஊர் தொடர்ந்து இருந்ததையும் சேர்த்தே அளக்கிறோம்.'

இதற்கு 5. இதில் உள்ள செய்திகள் அனைத்தும் 'பிற்கால வரலாறு' பத்தியில் ஏற்கெனவே வந்துவிட்டவை. முடிவுரை அவற்றை வைத்து ஒரு படி மேலே ஏறுகிறது. கட்டுரை விமானத்தையும் சிற்பத்தையும் ஒப்பிடத் தொடங்கியது. முடியும்போது அந்த ஒப்பீட்டையே கேள்வி கேட்கிறது. ஒரு கோயிலை மட்டும் பற்றி எழுதியிருந்தால் இந்த முடிவுக்கு வந்திருக்கவே முடியாது. முடிவுரைக்கு மார்க் போடும் முன் திருத்துபவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் மட்டுமே தெரியவந்த ஒன்று இங்கே இருக்கிறதா? கண்டிப்பான ஒருவர் 'ஊர் சுருங்கியது என்பதற்குச் சான்று போதுமா' என்று கேட்டு அரை மார்க் குறைக்கலாம், அதிலும் தவறில்லை. நீளம் ஒரு பொருட்டே அல்ல. இதே கருத்தை மூன்று வரியில் சொல்லியிருந்தாலும் அதே மதிப்பெண்தான்.

ஆரம்பத்தில் பார்த்த தாளுக்கு இப்போது கூட்டிப் பார்க்கலாம். தகவல் பெரும்பாலும் சரி, ஆகவே 10க்கு 8. சமநிலைக்கு 2. கோயில் கோயிலாகப் பிரிந்து கிடப்பதால் வரிசைமுறைக்கு 1. வாய்பாட்டு முடிவுரைக்கு 1. மொத்தம் 12. இதை 20 என்று போட்ட ஆசிரியருக்கும் 11 என்று போட்டவருக்கும் இப்போது பேசிக்கொள்ள ஒரு பொது மொழி கிடைத்துவிடுகிறது. தகவலுக்கு 8 சரியா, 7 சரியா என்று வாதாடலாம். இரண்டு மூன்று மார்க் வித்தியாசம் அப்போதும் வரும். ஒன்பது மார்க் வராது.

எண்ணைவிடத் தாளின் ஓரத்தில் எழுதும் வரிதான் மாணவருக்கு உதவும். 'இன்னும் சிறப்பாக எழுதலாம்' என்ற குறிப்பை வைத்து அவரால் அடுத்த முறை எதையும் மாற்ற முடியாது. 'சிற்பத்தில் தஞ்சை இல்லை. கல்வெட்டில் சோழபுரம் இல்லை. உட்தலைப்பைக் கருத்தின் பெயரில் வை' என்று எழுதினால் அன்று மாலையே திருத்தி எழுதிக் கொண்டுவர முடியும். ஆசிரியர்கள் இன்னொன்றும் செய்யலாம்: அடுத்த தேர்வில் இந்த நான்கு பிரிவுகளையும் அவற்றின் மதிப்பெண்ணோடு வினாவின் கீழேயே அச்சிட்டுக் கொடுங்கள்.